ஐந்தாவது வாரம்

கண்ணாடிக் கடைக்காரருக்கு அவள் அனுப்பிய மின்னஞ்சல் நீண்டுதான் போயிற்று. ஃபோனில் பேச நா எழாது என்பதால், கடை விளம்பரத்துக்கு வாரம் ஒரு வீடியோ எடுத்துத் தரும் யோசனையோடு முதல் நான்கு வாரத்துக்கான மாதிரிகளையும் முழுசாகவே எழுதிவிட்டாள். எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம், லென்ஸை எதால் துடைப்பது, கேமராவை எங்கே வைப்பது, முதலில் என்ன பேசுவது என்பது வரை. இந்த ஒரு கடை கிடைத்தால் போதும், அண்ணன் பார்த்து வைத்திருக்கும் வேலைக்குப் போக வேண்டாம்.

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"பிரமாதம்மா. எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சிருக்கே. மருமகன் அவன் ஃபோன்லயே ரெண்டு எடுத்துட்டான்."

"சார், நான் எடுத்துத் தரேன்னுதான்..."

"உனக்கு எதுக்கும்மா அலைச்சல்? நாலு வாரம் ஓடிடும். அஞ்சாவது வாரம் என்ன போடலாம்?"

பக்கத்து அறையில் அண்ணன் யாரிடமோ, "திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்காரரிடம் முடியாது என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

"குழந்தைங்களுக்கு முதல் தடவையா கண்ணாடி போடறப்ப..." என்று ஆரம்பித்தாள்.

"இரும்மா, மெதுவா சொல்லு. மருமகன் எழுதிக்கறான்."