பதினெட்டாவது பிழை

தம்பிக்கு ஒன்பது, அவளுக்கு இரண்டு. பிள்ளைக்குட்டிக் கணக்கல்ல, எழுத்துருக் கணக்கு. பன்னிரண்டு வருடமாக எழுத்துரு வரைகிற அக்காவின் பெயரில் சாதாரணம், தடிமன் என்று இரண்டே கனங்கள். அவளுக்கு ஆறு வருடம் பின்னால் தொழிலுக்கு வந்த தம்பி, நூலிழை மாதிரி மெலிந்ததில் தொடங்கி உலக்கை மாதிரி தடித்தது வரை ஒன்பது கனங்களில் ஒரே எழுத்துருக் குடும்பத்தை வரைந்து முடித்துவிட்டான். அதுவும் சத்தமே இல்லாமல். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பூனை என்று பேர், பொருத்தமான பேர்தான்.

மூன்று வாரத்துக்கு முன் அந்த ஒன்பதையும் அவளுக்கு அனுப்பி, "பாத்துச் சொல்லுக்கா" என்று எழுதியிருந்தான். பார்த்தாள். வயிறு பற்றி எரிந்தது. அன்று சமைத்த எதிலும் உப்பில்லை.

"ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உன் தம்பிதானே செஞ்சான்?" என்றார் கணவர்.

"அதான் பிரச்சினையே. ஊரான் செஞ்சிருந்தா போயிட்டுப் போறான்னு விட்டிருப்பேன்."

பிறகு உட்கார்ந்து ஒன்பதையும் துருவினாள், ஒவ்வோர் எழுத்தாக. பதினேழு பிழைகள் சிக்கின. ஒரு தாளில் எழுதி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவனுக்கோ "நல்லாருக்கு" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டாள்.

இன்று அந்தத் தாளுக்கு வேலை வந்திருந்தது. நாளிதழ் ஒன்று முகத்தை மாற்றப்போகிறது. அச்சு, இணையம், கைப்பேசி எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துரு. யாருடையது என்று இன்றைக்கே முடிவு செய்வார்கள். தினமும் லட்சம் பேர் கண்ணில் தன் எழுத்து படவேண்டும் என்பது அவளுடைய பன்னிரண்டு வருட ஆசை. மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் நாளிதழின் வடிவமைப்புத் தலைவி, இந்தப் பக்கம் அக்காவும் பூனையும். சுவர் முழுக்க இரண்டு பேருடைய எழுத்திலும் மாதிரிப் பக்கங்கள்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்று ஆரம்பித்தார் தலைவி. "ஆங்கிலத்துல எதை எடுத்தாலும் எட்டு, ஒன்பது வெயிட் இருக்கு. தமிழ்ல ஏன் ஒண்ணு ரெண்டோட நின்னுபோகுது?"

பூனை அக்கா பக்கம் கையைக் காட்டினான். "அக்கா சொல்லட்டும், மேடம். அவ நல்லாச் சொல்லுவா."

பாவி! தன் சரக்கை விற்க என் வாயையா வாடகைக்கு எடுக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டால் அவள் வாய் சும்மா இருக்காது. அது பிறவிக் கோளாறு.

"முதல் காரணம் எண்ணிக்கை" என்றாள். "கு, சு, டு, து, நாலையும் பாருங்க. உகரம் ஒண்ணுதான், உருவம் வேற வேற. தனித்தனியாத்தான் வரையணும். தமிழுக்கு மட்டுமே நூத்தைம்பது உருவம் ஆகும். எண், குறி, ஆங்கிலம் எல்லாம் சேர்த்தா முந்நூத்தைம்பதத் தொடும். ரெண்டாவது, இடம். 'ண'வுக்குள்ள எத்தனை சுழின்னு பாருங்க. தடிமன் ஏத்த ஏத்த உள்ள இருக்கிற வெள்ளை அடைச்சுக்கும். மேல போக முடியாது, பக்கவாட்டுல விட்டா வரி நீளும். அதனால வெளிக்கோட்டத் தடிமனா விட்டு, உள்சுழிய மெலிய வைக்கணும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனிப் பஞ்சாயத்து."

"ஒன்பது வெயிட்னா ஒன்பது மடங்கு செலவா?"

இந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தம்பியின் விலை அநியாயமாகத் தெரிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிவிட்டாள்.

"இல்ல. வரையறது மூணுதான். சாதாரணத்துக்கு ஒரு ஆளோட ஒரு வருஷச் சம்பளம், ஏன்னா எல்லா முடிவும் அங்கதான் எடுக்கறோம். ரொம்ப மெலிசுக்கு அஞ்சு மாசம், ரொம்பத் தடிச்சதுக்கு எட்டு மாசம். மூணுலயும் ஒவ்வொரு எழுத்துக்கும் கோடு வளையற புள்ளிகள் ஒரே எண்ணிக்கை, ஒரே வரிசையில இருந்தா, நடுவுல இருக்கிற ஆறையும் கணினியே கணக்குப் போட்டுக் குடுத்துடும். ஆனா அத அப்படியே நம்பக்கூடாது. ஒவ்வொண்ணையும் உக்காந்து பாக்க, எழுத்து இடைவெளி சரிசெய்ய ஒண்ணுக்கு மூணு வாரம்."

"அப்புறம் ஏன் யாரும் செய்யறதில்ல?"

"யார் வாங்குவா? நாலு பத்திரிகை, பத்துப் பதிப்பகம். மத்தவங்க இலவசமா எடுத்துப்பாங்க, இல்லன்னா திருடிப்பாங்க. ரெண்டரை வருஷம் யார் சோறு போடறது?"

"ரெண்டே வெயிட் வச்சு நாங்க ஓட்டிட முடியாதா?"

இதற்காகத்தானே வந்தாள்! முடியும், தாராளமாக முடியும், என் இரண்டே போதும். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சுவரைப் பார்த்தாள். அவளுடைய பக்கத்தில் துணைத்தலைப்புக்கு நடுத்தரக் கனம் இல்லாமல், யாரோ மென்பொருளில் செயற்கையாகத் தடிமன் ஏற்றியிருந்தார்கள். 'ண' மை கொட்டிய மாதிரி அடைத்துக்கிடந்தது. பக்கத்தில் தம்பியின் 'ண' மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பொறுக்க முடியவில்லை.

"ஓட்டலாம்" என்று அடைத்துக்கிடந்த தன் 'ண'வைக் காட்டினாள். "இப்படித்தான் இருக்கும்."

சொன்ன கையோடு நெஞ்சு கொதித்தது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாயிற்று, அவன் மட்டும் தப்பிப்பதா? எழுந்து போய்த் தம்பியின் பெரிய தலைப்பில் விரல் வைத்தாள்.

"இதையும் பாருங்க. 'ணூ'வோட வால் திரும்பற இடத்துல ஒரு முண்டு. மெலிசுலயும் வழவழன்னு இருக்கும், தடிச்சதுலயும் வழவழன்னு இருக்கும், நடுவுல கணினி போட்டதுலதான் காட்டிக்குடுக்கும். சரிபாக்காம விட்டிருக்கான்."

பூனையும் எழுந்து வந்து பார்த்தான். தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"ஆமா, இருக்கே. இதச் சரிபண்ண எத்தனை நாள் ஆகும்?"

பூனை அக்காவைப் பார்த்தான். அறை முழுக்க அவள் வாய்க்காகக் காத்திருந்தது.

"அரை மணி நேரம்" என்றாள் அக்கா.

"உங்களுது ரெண்ட ஒன்பதாக்க?"

"சாதாரணம் கையில இருக்கு. ஆனா புள்ளி எதுவும் பொருந்தாது, திரும்பப் போட்டாகணும். ரெண்டு வருஷம்."

தலைவி குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டார். முடிவு பூனை பக்கம் என்று சொல்லாமலே தெரிந்தது.

மின்தூக்கி வரக் காத்திருக்கையில் பூனை கேட்டான். "நல்லாருக்குன்னு எழுதினியேக்கா. அன்னைக்கே பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். சொல்லல. வயித்தெரிச்சல், போதுமா?"

அவன் சண்டைக்கு வருவான் என்று நின்றாள். வரவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டான். "வேற எதாவது இருக்கா?"

கைப்பையைத் திறந்து மடித்த தாளை அவன் கையில் திணித்தாள். வாசல் படிக்கட்டில் நின்றபடியே அவன் பதினேழையும் படித்தான்.

"ஒவ்வொரு எழுத்தா உக்காந்து பாத்திருக்க" என்றான். "மூணு வருஷத்துல என் எழுத்த யாரும் இப்படிப் பாத்ததில்லக்கா."

இப்படிப் பேசினால் எப்படி ஒரு மனுஷி நிம்மதியாகப் பொறாமைப்படுவது? திட்டியிருந்தால்கூட வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பாள்.

"பதினெட்டாவதா ஒண்ணு இருக்கு" என்றாள். "அத எழுதல. நீயே தேடு."

"எந்த வெயிட்லக்கா?"

"ஒன்பதுலயும் தேடு."

விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தாள். முனையில் திரும்பும்போது பார்த்தாள். அவன் படியிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்துவிட்டான். ஒன்பது கனம், ஒவ்வொன்றிலும் முந்நூற்றைம்பது உருவம். நல்லாத் தேடட்டும். பதினெட்டாவது பிழை என்று ஒன்று கிடையாது. அவளும் மூன்று வாரம் தேடிப் பார்த்துவிட்டாள்.