போட்டியாளர் எவருமில்லை

“போட்டியாளர் எவருமில்லை” என்ற வரிக்குக் கீழே பென்சில் ஓடியது. ஓடி நின்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி விழுந்தது.

பாயிஸா எண்ணிக்கொண்டே வந்தாள். அந்தப் பக்கத்தில் அது ஆறாவது கேள்விக்குறி.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த வங்கியின் மேல்மாடி அது. சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் ராஜரத்தினம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். நாவலப்பிட்டிக்காரர், குனிந்த தலை நிமிராமல் பேசுகிற ஆள். அவருக்கு முன்னால் கிடந்தது, பாயிஸாவின் கணவன் லாபிர் கத்தாரிலிருந்து எழுதி அனுப்பிய பேக்கரித் திட்டம். தங்கள் ஊரான அலவத்துகொடயில், சொந்த நிலத்தில் ஒரு பேக்கரி. கத்தாரில் ஹோட்டல் ஒன்றில் பாண், ரொட்டி சுடுகிறவர் அவர்.

மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. வங்கி கை கொடுத்தால் ஊர் வருவார். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். கடைசியாக வந்து போய் மூன்று வருடமாகிறது. அவர் வீட்டில் உடுத்தி விட்டுப்போன கட்டம்போட்ட சாரம் இன்னும் அலுமாரியில் மடித்தபடியே இருந்தது.

“‘அக்குறணையிலிருந்து அலவத்துகொட வரைக்கும் எல்லாரும் எங்கள் வாடிக்கையாளர்’னு எழுதியிருக்காரு. எல்லாரும்னா யாரு? எத்தனை வீடு?”

“ரோட்டால போற சனம் நிறைய, சேர்.”

“போறவங்க போயிருவாங்க. நிண்டு வாங்கிறவங்க யாருன்னு கேக்கிறேன். சரி, இதைப் பாருங்க. ‘மஹ்மூத் நானா பேக்கரி மட்டும் இருக்கு, அதுவும் பழசு’ன்னு எழுதியிருக்கு. போய்ப் பாத்தீங்களா?”

“அது பூட்டி ரெண்டு வருஷம். இப்ப போன் கடை.”

ராஜரத்தினம் முதல் தடவையாக நிமிர்ந்தார். “அப்ப இது எந்த வருஷத்து ஊரு?”

பாயிஸா தாளைப் பார்த்தாள். லாபிர் இரவுகளில் கட்டிலில் படுத்தபடி, சந்தி, பள்ளிவாசல், மஹ்மூத் நானாவின் கண்ணாடி அலுமாரி என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து எழுதியது அது.

“விண்ணப்பத்தைத் தள்ளிவிடல்ல,” என்றார் அவர், குரலைத் தணித்து. “ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில யாரு சொன்னா, எப்பச் சொன்னான்னு எழுதி வாங்க. வீட்டுக் கணக்கு கிராம சேவகர்ட்ட இருக்கும்.”

அடுத்த வாரம் அவள் உற்சாகமாகவே வங்கிப் படியேறினாள். கிராம சேவகரிடம் வீட்டுக் கணக்கு வாங்கியாயிற்று. தானே நாற்பது வீடு ஏறி இறங்கியிருந்தாள். பேக்கரி போட்டால் வாங்குவீர்களா என்று கேட்டதற்கு ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை.

“என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“‘இன்ஷா அல்லாஹ், கட்டாயம்’ எண்டாங்க.”

ராஜரத்தினம் சிரித்துவிட்டார். “எங்க ஊர்ல, ‘வாங்கிட்டாப் போச்சு’ன்னு சொல்லுவாங்க. வாசல்ல வந்து நிக்கிற பொம்பளைகிட்ட யாரு மாட்டேன்னு சொல்லுவா? நாளைக்கி வாங்குவீங்களான்னு கேக்காதீங்க. நேத்து என்ன வாங்கினீங்க, யார்ட்ட வாங்கினீங்க, என்ன விலைன்னு கேளுங்க. உங்ககிட்டயே கேக்கிறேன். நேத்து ராத்திரிக்குப் பாண் எங்க வாங்கினீங்க?”

“வாசல்லதான். அந்த ஆட்டோ வருமே, பாட்டுப் போட்டுக்கிட்டு…”

“போட்டியாளர் எவருமில்லை” என்ற வரியை அவள் பார்த்தாள்.

“கடையும் போர்டும் இருந்தாத்தான் போட்டியாளரா?” என்று கேட்டுக்கொண்டே, அவர் அந்தக் கேள்விக்குறியின் மேல் இன்னொரு தடவை பென்சிலை ஓட்டினார்.

அன்று மாலை லாபிரின் அழைப்பு வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் அந்த மெட்டு கேட்டது. தெருத்தெருவாகப் பாண் விற்கும் ஆட்டோவின் ஒலிபெருக்கி தினமும் பாடுகிற, கிணுகிணுவென்ற அதே மெட்டு.

“பாயிஸா, போனை வெளிய பிடிங்க,” என்றார் லாபிர், ஒவ்வொரு மாலையும் சொல்வதைப் போலவே. “அதக் கேட்டாத்தான் எனக்கு ஊர்ல அஸர் தொழுகை முடிஞ்சிட்டுது எண்டு தோணுது.”

அவள் கைப்பேசியை யன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினாள். இவர் இவ்வளவு ஆசையாகக் கேட்கிற சத்தந்தான் இவரை வரவிடாமல் செய்யப்போகிறதா? அதை அன்று அவரிடம் சொல்லவில்லை. மெட்டு வளைவில் தேயும் வரை கையை எடுக்கவுமில்லை.

மறுநாள் அவள் வாசலில் காத்து நின்று ஆட்டோவை மறித்து, கைப்பேசியில் படம் பிடித்தாள். ஓட்டிக்கொண்டு வந்தவன் இருளப்பன். கட்டுகஸ்தோட்டைக்காரன், வாயாடி.

“என்னக்கா, பாண் வாங்காம படம் பிடிக்கிறீங்க? பொலிஸா?”

“பேக்கரி போடப்போறன் தம்பி.”

“ஐயோ, என் வயித்தில அடிக்கவா?”

“இல்ல. நீங்க பாண் எங்க எடுக்கிறீங்க எண்டு சொல்லுங்க.”

அவன் சொன்னான். எரிச்சலோடு தொடங்கியவன், கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கொட்டித் தீர்த்தான். கட்டுகஸ்தோட்டையில் பகல் சுட்ட பாண்தான் எடுப்பான். அலவத்துகொட கடைசி நிறுத்தம், வருவதற்குள் காய்ந்துவிடும். மிஞ்சியதைப் பேக்கரிக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்கள். காலையில் அக்குறணையிலேயே விற்று முடிந்துவிடுவதால் எந்த ஆட்டோவும் இந்தப் பக்கம் வருவதில்லை. ஊருக்கு வரும் நாலு ஆட்டோவில் இரண்டு பேக்கரிக்காரருடையவை. அவை வேறிடத்தில் எடுக்காது. அவனுடையதும் இன்னொருவனுடையதும் சொந்த வண்டிகள்; எங்கேயும் எடுக்கலாம், அவள் சுட்டால் பத்து நாள் எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னான்.

நாற்பது வீட்டுக்கும் அவள் திரும்ப ஏறினாள். இந்தத் தடவை நேற்றைப் பற்றி மட்டும் கேட்டாள். இருபத்தாறு வீட்டில் மாலைப் பாணை ஆட்டோவில் வாங்கியிருந்தார்கள். காலையில் பாண் வாங்கியவர்கள் மூன்றே வீடு, அதுவும் அக்குறணைக்கு பஸ் ஏறிப்போய்.

மூன்றாம் தடவை அவள் வங்கிக்குப் போனபோது, அவள் எழுதியிருந்த புதுப் பக்கத்தை ராஜரத்தினம் இரண்டு முறை வாசித்தார். பிறகு அதிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“இருளப்பனா? பேங்க்ல இருந்து பேசுறேன்… இல்லைங்க, ஆட்டோ லீசிங் இல்ல, பயப்படாதீங்க. பாண் விஷயம்.”

நிறைய நேரம் கேட்டார். வைத்துவிட்டுச் சொன்னார்: “சொன்னது எழுதினபடியே இருக்கு. பத்து நாள் உங்க பாணை எடுத்து வித்துப் பாப்பேங்கிறாரு. அதுக்கு மேல வாக்குக் குடுக்கல்ல. நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க, அதான் எனக்குப் பிடிச்சது. ஆனா மெடம், இந்தக் கணக்குக்குப் பெரிய அடுப்பு வராது. சின்னதுதான். வருமானம் அவர் அங்க எடுக்கிறதில பாதி வந்தாப் பெரிசு. மேல அனுப்புறேன். மாசக் கடைசிக்குள்ள தெரியும். நான் வாக்குக் குடுக்க ஏலாது.”

அன்று மாலை பாயிஸா எல்லாவற்றையும் லாபிரிடம் சொன்னாள். மஹ்மூத் நானாவின் கடை இல்லை. பாட்டுப் போடும் ஆட்டோதான் போட்டியாளர். சின்ன அடுப்பு. பாதி வருமானம். கடனும் நிச்சயமில்லை.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது; லாபிர் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“மஹ்மூத் நானாட கடைக்கு முன்னாலதான் நான் முதன்முதல் ஒங்களக் கண்டது,” என்றார். “அதுவும் இல்லையா?”

“இல்ல.”

மெட்டு வந்தது. அவள் வழக்கப்படி கைப்பேசியை யன்னலுக்கு நீட்டப் போனாள்.

“வேணாம். போய் ஒரு பாண் வாங்கிட்டு வாங்க.”

வாங்கி வந்தாள்.

“பிச்சுப் பாருங்க. மேல்பட்டை எப்படி ஈக்கு?”

“கல்லு மாதிரி.”

“உள்ளுக்க?”

“உதிருது.”

லாபிர் மெதுவாகச் சிரித்தார். இத்தனை வருடமும் சத்தத்தை மட்டும் கேட்ட மனிதர். “காலையில ஒரு ஆட்டோவும் வாறதில்ல எண்டு சொன்னீங்களே, நிச்சயமா?”

“நாற்பது வீட்டில கேட்டது. பேரோட ஈக்கு.”

“அப்ப காலை எங்கட. விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி நான் சுடுறன். கடன் வந்தாலும் சரி, வராட்டி உம்மாட பழைய அடுப்பிலயாவது சரி. நான் இங்க மறுபடி கையெழுத்து வைக்கப்போறதில்ல புள்ள.”

பாயிஸா அலுமாரியைத் திறந்தாள். மூன்று வருட மடிப்பைப் பிரித்து, சாரத்தைக் கொடியில் காற்றாடப் போட்டாள். தெருக்கோடியில் இருளப்பனின் ஆட்டோ இன்னும் பாடிக்கொண்டிருந்தது.