நிற்காத கம்ப்ரஸர்

சர்வீஸ் சென்டரில் அவருக்குப் புகார் சார் என்று பெயர். ஏசி வாங்கிய ஒரே மாதத்தில் நான்கு புகார். முதல் மூன்றுக்குப் போன ஆண்கள் மூவரும் நான்காவதைக் கேட்டதும் நைசாக நழுவிவிட்டதால், அது அவள் தலையில் விழுந்தது. பன்னிரண்டு வருடமாக ஏசி மெக்கானிக்காக இருப்பவள். கதவைத் திறந்த புகார் சார் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்டார். வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றினாள்.

குற்றப்பத்திரிகை நீளமாக இருந்தது. பழைய ஏசி கடக்கென்று ஓடும், அறை குளிர்ந்ததும் கடக்கென்று நிற்கும், நாணயமான மிஷின். இந்த இன்வெர்ட்டர் ஏசியோ ஒரு நேரம் உறுமுகிறது, ஒரு நேரம் முனகுகிறது, ஆனால் நிற்பதே இல்லை. நிற்காமல் ஓடினால் மின்சாரம் என்னத்துக்கு ஆகும்? அதனால் அவரே இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஆஃப் செய்து ஓய்வு கொடுக்கிறாராம். வெக்கை ஏறியதும் பதினெட்டில் வைத்து மறுபடி போடுவாராம். அப்படியும் யூனிட் ஏறுகிறதாம். முப்பது வருடம் அலுவலகத்தில் ஆட்களை மேய்த்தவருக்கு, சும்மா இருப்பவன்தான் மிச்சம் பிடிப்பான் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

அவள் பால்கனிக்குப் போய், வெளி யூனிட்டின் ஒயரில், எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் கிளாம்ப் மீட்டரை மாட்டினாள். ஏசியைப் போட்டதும் ஒன்று, இரண்டு, நான்கு என்று ஏறி எட்டு ஆம்பியரில் நின்றது. சத்தமும் கூடவே ஏறியது. பார்த்தாயா, உறுமுகிறது என்று புகார் சார் வெற்றியோடு சொன்னார். அவள் இருபத்தைந்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அரை மணியில் உறுமல் தணிந்து மெல்லிய ரீங்காரமானது. மீட்டரில் இரண்டுக்கும் கீழே.

"பழையதுக்கு ஒரே வேகம்தான் சார். ஓடுனா முழுசா ஓடும், இல்லேன்னா நிக்கும். இது ரூம் சூடா இருந்தா வேகமா ஓடும், குளிர்ந்ததும் மெதுவாயிடும். நிக்காம ஓடுது, ஆனா கொஞ்சமாத்தான் இழுக்குது. நீங்க அணைச்சு அணைச்சுப் போடுறதால ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து ஓட வேண்டியிருக்கு. அந்தச் சத்தமும் யூனிட்டும் நீங்க கொடுக்கிறதுதான்."

தம் வீட்டிலேயே தாம்தான் பழுது என்று கேட்க நேர்ந்த மனிதரின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதுவரை வாசல்படியில் நின்றிருந்த அவர் மனைவி, மறுநாள் பகல் முழுக்க ரிமோட் தன்னிடம் இருக்கட்டும் என்றாள். அவர் கணக்கில் ஒரு நாள், மெக்கானிக் சொன்னபடி ஒரு நாள், வீட்டு கரண்ட் மீட்டரையே பார்த்துவிடலாம் என்றாள். குரலில் பல வருடப் பொறுமை தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவே போன் செய்தாள். ஒரே மாதிரி வெயில் அடித்த இரண்டு பகல். அவர் ஓய்வு கொடுத்த நாளில் எட்டு யூனிட், அவர் கையை வைக்காத நாளில் ஐந்து. அவர் என்ன சொன்னார் என்று மெக்கானிக் கேட்டாள். இதைத்தான் தாம் முதலிலிருந்தே சொல்லி வந்ததாகச் சொல்கிறாராம்.

அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். அடுத்த வாரம் வேறொரு தெருவிலிருந்து அழைப்பு. ஏசி ஓயாமல் ஓடுகிறது, யூனிட் எகிறுகிறது. போனால், சோபாவில் புகார் சார் அமர்ந்திருந்தார். அது அவர் மச்சான் வீடு. போர்வையைப் போர்த்திக்கொண்டு மச்சான் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தார்.

பழைய ஏசி. ஒரே வேகக் கம்ப்ரஸர். பதினாறில் வைக்கப்பட்டிருந்தது. கிளாம்ப் மீட்டரில் ஏழரை. கால் மணி நேரம் பார்த்தாள், எள்ளளவும் இறங்கவில்லை. பதினாறு டிகிரியை இந்த வெயிலில் அது எட்டப் போவதுமில்லை.

"பதினாறுல யார் வைக்கச் சொன்னது?"

"மாமாதான்," என்றார் மச்சான். "கம்ப்ரஸர் நிக்கவே கூடாது, நின்னு நின்னு ஓடினாத்தான் செலவுன்னார். டிகிரியைக் கூட்டி வைச்சா நின்னுடுதே."

"நீதானேம்மா சொன்னே?" என்று புகார் சார் அவளிடம் திரும்பினார்.

"உங்க ஏசிக்குச் சொன்னேன் சார். அதுக்கு மெதுவா ஓடத் தெரியும். இதுக்குத் தெரியாது. இது நிக்கிற நேரம்தான் மிச்சம்."

புகார் சார் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, இருபத்தாறில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். சற்று நேரத்தில் கடக்கென்று கம்ப்ரஸர் நின்றது. மீட்டரில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அறையில் வந்த அமைதியில் மச்சான் போர்வையை விலக்கினார்.

புகார் சார் காதைச் சாய்த்துக் கேட்டார். "நின்னுடுச்சு பாரு. பழுதுதான். நான் புகார் எழுதித் தரேன்."

மச்சான் எழுந்து வந்து, மாமா கையில் இருந்த ரிமோட்டை மரியாதையாக வாங்கி, தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.