ஆறு லட்சமா, மாதம் பதினைந்தாயிரமா

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து நாகேஸ்வரன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் அது. ஆனால் அந்தப் புதன்கிழமை நான் பேசியதற்கு அவர் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை.

கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஒரு புதுக் கம்பெனி அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. வைத்தியம் முடிந்து ஒன்றரை வருடம் வீட்டில் இருந்த மனிதர். வயிற்றில் வந்த கட்டியை எடுத்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி மறுபடி முளைத்திருந்தது. வேலை கிடைத்த சேதி கேட்டதும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இங்க வா. ரெண்டு விதமாத் தரேங்கறா. சேரும்போதே ஆறு லட்சம் ஜாயினிங் போனஸ். அது வேண்டாம்னா, மாசச் சம்பளத்திலே பதினஞ்சாயிரம் கூட. எது வேணும்னு நாளைக்குள்ள சொல்லணுமாம்."

நான் கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். யார் வந்து எதிரே உட்கார்ந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். இருபது வருடப் பழக்கம், யோசிக்காமலே வந்துவிடும். வந்துவிட்டது.

"இன்னும் எத்தனை வருஷம் இருக்குன்னு பாக்கணும்."

சர்வீஸ் என்ற சொல்லைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும் என்ன வித்தியாசம்? போன மாத ஸ்கேனில் ஈரலில் சின்னதாக ஏதோ தெரிகிறது, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, வருஷம் என்ற பேச்சையே இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பெண் மாளவிகா பிளஸ் டூ படிக்கிறாள். எந்தக் காலேஜ் என்ற பேச்சைக்கூட ஒத்திப்போட்டிருந்தோம்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதறிப்போய்விட்டது.

"மாசச் சம்பளம்தான் வாங்கணும், இதிலே யோசிக்க என்ன இருக்கு!" என்று படபடவென்று ஆரம்பித்தேன். "நாப்பது மாசத்திலே ஆறு லட்சம் வந்துடும். இன்க்ரிமென்ட் சம்பளத்து மேலதானே ஏறும், போனஸ் மேல ஏறுமா? பி.எஃபும் கூடும். அந்த நாப்பது மாசம் தாண்டினா அதுக்கப்பறம் எல்லாம் லாபமாக்கும். அஞ்சு வருஷத்திலே எவ்வளவு ஆறது, பாருங்கோ!"

கணக்கு சரி. ஒரு பைசா தப்பில்லை. சொல்லச் சொல்ல என் குரல்தான் கடைக்காரன் குரல் மாதிரி ஆகிக்கொண்டே போனது. ஆறு லட்சத்தை இப்போதே வாங்கி மாளவிகா பேரில் போட்டுவிட வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அதை வாய்விட்டுச் சொன்னால், நீங்கள் மூன்று வருடம் இருக்க மாட்டீர்கள் என்று கட்டின புருஷனின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. என்னால் முடியுமா?

"சரி, உன் கணக்குப்படியே ஆகட்டும். அஞ்சு வருஷம்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் நன்றாகத்தான் நடித்தோம்.

மறுநாள் காலை காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. ரெம்யா என்று ஒரு மலையாளப் பெண். அவர் ஸ்பீக்கரில் போட்டார். சம்பளத்தைக் கூட்டச் சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"அந்த ஜாயினிங் போனஸுக்கு கண்டிஷன் ஏதாவது உண்டோ?" என்றார்.

"உண்டு சார். ரெண்டு வருஷத்துக்குள்ள ரிசைன் பண்ணினா முழுத் தொகையும் திருப்பித் தரணும். டாக்ஸ் பிடிச்சதுக்கு முன்னாடி உள்ள தொகை."

"ரிசைன் பண்ணாமலே போயிட்டா?"

"மனசிலாயில்ல சார், என்ன கேக்கிறீங்க?"

"எம்ப்ளாயி செத்துப்போயிட்டா, குடும்பத்துக்கிட்டேருந்து வசூல் பண்ணுவேளா?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெண், "ஐயோ சார், எந்தா இப்படியெல்லாம் கேக்கிறீங்க!" என்று சிரித்துவிட்டு, ஒரு நிமிஷம் என்று ஏதோ திறந்து படித்தாள்.

"இல்ல சார். ரிசிக்னேஷன், இல்லேன்னா டிசிப்ளினரி டெர்மினேஷன், அதுக்கு மட்டும்தான் ரெகவரி. டெத் கேஸில கிடையாது. ஆனா அது எதுக்கு சார் நமக்கு!"

"சும்மா கேட்டு வெச்சேன். அப்போ போனஸே போட்டுடுங்கோ."

போனை வைத்துவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அழ வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வேண்டாம், மாற்றிச் சொல்லுங்கோ என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது நிம்மதி. மூச்சு லேசாக வெளியே போனது, எனக்கே கேட்டது. அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.