அடக்கிய மூச்சு

என் கணவர் ரவிச்சந்திரனுக்கு வலது கன்னத்தில் நரம்பு வலி. மூன்று வருடமாக மின்விசிறிக் காற்றுப் பட்டால்கூடத் துடித்துப்போவார். கள்ளிக்குப்பத்துப் புழுக்கத்தில் மின்விசிறி இல்லாமல் தூங்கிப் பாருங்கள், தெரியும்.

கர்நாடகத்துப் பைலகுப்பேயில் திபெத்தியரிடம் தியானம் கற்ற ஜஸ்டின், அம்பத்தூரில் சனிக்கிழமைகளில் வகுப்பு எடுத்தார். என் கணவருக்காக அதில் சேர்ந்தேன். முதலில் மனதை ஒரு கணம் வெறுமையாகத் திறந்து வைக்க வேண்டும். பிறகு மூச்சை இழுக்கும்போது, வலிப்பவரின் வேதனையைச் சூடான கரும்புகையாக உள்ளே வாங்க வேண்டும். நெஞ்சில் 'நான், எனது' என்று இறுகிய முடிச்சில் அது மோதும். முடிச்சு உடையும், புகையும் கரையும். விடும் மூச்சில் குளிர்ந்த வெண்ணொளியாய் நிம்மதியை அனுப்ப வேண்டும். கடைசியில் அதே வலி உள்ள எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டும்.

எனக்கு எதிலும் அவசரம். எல்லோருக்கும் என்ற பகுதியை விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் போதும். அதோடு, பத்து வருடம் யோகா செய்த பழக்கத்தில் மூச்சை இழுத்துப் பதினாறு எண்ணும்வரை அடக்கினேன். வெளியே விட்டால் வலி அவரிடமே திரும்பிவிடும் என்று பயந்து, அரைகுறையாகத்தான் விட்டேன்.

பத்தாம் நாள் அவர் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துத் தூங்கினார். காலையில் என் வலது கன்னம் துடித்தது. உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது.

அன்று பால் பொங்கியது. அவர் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்து இறக்கினார். விரல்கள் சிவந்து கொப்பளித்தன.

"சூடே இல்ல சரசா," என்று சிரித்தார். "எங்கம்மா போட்டோவப் பாத்தேன். ஒண்ணுமே தோணல. நிம்மதியா கீது."

அவர் அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவரைக் குழாயடிக்கு இழுத்துக் கையை நீரில் பிடித்தபடி ஜஸ்டினுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"சாதாரணமா ஒருத்தர் வலி இன்னொருத்தருக்குப் போவாதுக்கா. மூச்ச அடக்கினியா?"

"ஆமா."

"இன்னாக்கா இது! அடக்கக் கூடாதுன்னு சொன்னேனே. புகைய வெச்சிக்காத. முடிச்சுல மோத வுடு."

குழாயடியிலேயே கண்ணை மூடினேன். இழுத்தேன், அடக்கவில்லை. புகை நெஞ்சுக்குள் மோதியது. அந்த முடிச்சு என் குரலிலேயே பேசியது: "நான் இல்லாவிட்டால் இவர் என்ன ஆவார்? இவர் குணமாகவே வேண்டாம்."

வெட்கத்தில் செத்துப்போனேன். அது உடைந்தது. அடிவயிறு காலியாகும்வரை மூச்சை விட்டேன்.

"ஐயோ, எரியுதே! அம்மா!" என்று அலறியவர், அம்மாவை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதார்.

மருந்து போடும்போது பாதியைத் தரையில் சிந்தினேன். பயத்தால் என்றுதான் அவர் இன்னும் நினைக்கிறார். அவர் அலறியதைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.