கழியாத வித்தியாசம்

சங்கரன்கோவில் கீழரத வீதியில் வரி ஆலோசகர் பேச்சிராஜாவின் அறை மாடியில் இருக்கிறது. ஜவுளி மொத்த வியாபாரி ஜெயசித்ராவின் ஸ்கூட்டர் மூன்று நாளாய் மத்தியானம் தோறும் கீழே நின்றதைத் தெருவே பார்த்தது. நாற்பத்தொரு வயது பிரம்மச்சாரியான ஆலோசகர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்ததையும் பார்த்தது.

காரணம் என்னவோ வருமான வரி நோட்டீஸ்தான். ஜிஎஸ்டி கணக்கில் விற்பனை ஒரு கோடியே அறுபத்திரண்டு லட்சம். வருமான வரிக் கணக்கில் ஒரு கோடியே நாற்பது. நடுவில் இருபத்திரண்டு லட்சம் எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

"வம்பு எதுக்கு அண்ணாச்சி? அதையும் வியாபாரம்னு ஒத்துக்கிட்டு வரியக் கெட்டிருவமா?" என்றாள் முதல் நாள்.

அந்த 'அண்ணாச்சி' அவரை எங்கே குத்தியது என்று அவருக்குத்தான் தெரியும். "விக்காத சேலைக்கு வரி கெட்டுவியளா? ஒவ்வொண்ணா ஒத்துப்பாத்துட்டுப் பதில் போடுவோம். தேதி இருக்கு."

சரியான யோசனைதான். அவள் நாளைக்கும் வருவாள் என்பது கூடுதல் லாபம்.

பதினெட்டு லட்சம் அன்றே தெரிந்தது. கொல்லம் கிளைக்கு அனுப்பிய சரக்கு அது. வேறு மாநிலம், வேறு ஜிஎஸ்டி எண் என்பதால் இங்கே பில் போட்டு அனுப்பும்போது ஒரு தரம், அங்கே விற்கும்போது மறு தரம் கணக்கில் ஏறியிருந்தது. வருமான வரிக்கு இரண்டு கடையும் ஒரே ஆள். தனக்குத் தானே விற்றது விற்பனை ஆகாது.

மறுநாள் பழைய விசைத்தறிகள் விற்ற மூன்று லட்சம். ஜிஎஸ்டி கட்டியாயிற்று, ஆனால் அது சொத்து விற்றது; ஜவுளி விற்பனையில் சேராது.

மூன்றாம் நாள் ஒரு லட்சம் மட்டும் மிச்சம். புளியங்குடிக் கடைக்காரர் மார்ச்சில் திருப்பிய சரக்கை அவள் புத்தகத்தில் மார்ச்சிலேயே கழித்திருந்தாள். ஜிஎஸ்டியில் ஏப்ரலில்தான் காட்டியிருந்தாள். அதுவும் கழிந்து வித்தியாசம் பூஜ்யமானது. பூஜ்யத்தைப் பார்த்து முகம் வாடிய வரி ஆலோசகர் இந்த ஜில்லாவில் அவர் ஒருவர்தான்.

"அடுத்த வருசமும் இப்படி வருமா?"

வரும் என்று சொல்லியிருக்கலாம். "மாசாமாசம் இதே மாதிரி ஒரு தாள் போட்டு வச்சுக்கிட்டா, கேட்ட அன்னைக்கே பதில் சொல்லிரலாம். இங்கன வந்து உக்கார வேண்டாம்."

"நல்லதாப் போச்சு. ஆவணியில நான் கொல்லத்துக்கே போறேன். அங்கனதான் இப்ப யாவாரம் ஓட்டம். தாளெல்லாம் போன்லயே அனுப்பிருதேன், உங்களுக்கும் தொந்தரவில்ல."

தொந்தரவு! அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போக்குவரத்து பில்லு, தறி வித்த பில்லு எல்லாம் சேத்தாச்சா?" என்று கேட்டார்.

"சேத்தாச்சே, நீங்கதான சேத்திய!"

பதிலை அனுப்பினார். ரசீதை மடித்துப் பையில் வைத்து, "வாரேன்" என்று அவள் படியிறங்கினாள். ஸ்கூட்டர் சத்தம் தேரடி திரும்பும் வரை கேட்டது.

ஒரு கையெழுத்தாவது விட்டுப்போயிருக்காதா என்று பேச்சிராஜா கோப்பை முதலிலிருந்து புரட்டினார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார்.