உரையாடலில் அவள் பாதி

புகழேந்தி அந்த வாட்ஸ்அப் உரையாடலைப் போனிலிருந்து வெளியே எடுத்தது ஒரே ஒரு கேள்விக்காக. ஜெயபாரதி எந்த நாளிலிருந்து தன்னைவிட்டு விலகத் தொடங்கினாள்?

இருவருக்கும் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரே ஊர். மூன்று வருடம் பழகியும் ஊருக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் அப்பா நாகநாதனின் வயலில் இவன் அப்பா முருகையன் இளவயதில் கூலி வேலை பார்த்தவர். இப்போது முருகையன் குத்தகைக்கு நிலம் எடுத்துத் தானே சாகுபடி செய்கிறார். மகன் தஞ்சாவூரில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறான். இருந்தும் நாகநாதன் வீட்டு வாசலைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. அதனால் அவர்களுடைய காதல் பெரும்பாலும் போனுக்குள்தான் வளர்ந்தது. பேருந்தில் போகும்போது அவள் அனுப்பும் வரிகள், மடை திறந்துவிட்டு வரப்பில் நின்றபடி இவன் அனுப்பும் வரிகள்.

போன சித்திரையில் அவள் கடைசியாக எழுதினாள். "கொஞ்ச நாள் எதுவும் பேச வேணாம் புகழ். நீயா எழுதாத." அவன் எழுதவில்லை. குறுவை அறுத்து, தாளடி நட்டு, ஐப்பசி மழையும் வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

வேலையில் அவன் செய்வது கடைகளின் விற்பனைத் தகவல்களைப் பிரித்துப் பார்ப்பது. எந்த மாதம் எது குறைந்தது, எது கூடியது என்று நிரல் எழுதிக் கண்டுபிடிப்பது. பேச ஆள் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை மதியம், இதையும் அப்படிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. படங்கள் இல்லாமல் எழுத்தை மட்டும் ஏற்றுமதி செய்தான். மூன்று வருடமும் ஒரே கோப்பாக வந்து விழுந்தது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் தேதி, நேரம், பெயர். வீட்டு மடிக்கணினி பழுதாகிக் கிடந்ததால் அலுவலகக் கணினியில் வைத்தான். தேவையான நிரல் தொகுப்புகள் ஏற்கெனவே ஒரு பழைய வேலையின் கோப்புறையில் இருந்தன. அதற்குள்ளேயே போட்டுவிட்டான்.

நிரல் பெரிதாக ஒன்றுமில்லை. வரிகளைப் பெயர்வாரியாகப் பிரித்தது. இவன் எழுதியதற்கும் அவள் பதில் சொன்னதற்கும் இடையே போன நேரத்தை எடுத்தது. மாதவாரியாக ஒரு கோடு வரைந்தது. இரண்டு வருடம் தரையோடு தரையாகப் போன கோடு, கடைசித் தை மாதத்தில் ஏறத் தொடங்கி, பிறகு இறங்கவேயில்லை.

தை. அப்படியானால் தையிலேயே முடிந்துவிட்டது. சித்திரை வரை அவள் சும்மா பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் வார்த்தைகளில் அன்பு எப்போது வற்றியது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அவர்கள் எழுதியது ஆங்கில எழுத்தில் தமிழ். அவன் நிரலுக்கு அது புரியவில்லை. இணையத்தில் இருக்கும் ஏதாவது ஒரு செயற்கை நுண்ணறிவுச் சேவையில் முழுக் கோப்பையும் ஏற்றிக் கேட்டால் சொல்லிவிடும். பெயர்களை மட்டும் மாற்றி இன்னொரு பிரதி தயாராக்கி வைத்துவிட்டு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஊருக்குப் பேருந்து ஏறினான்.

திங்கட்கிழமை காலையில் அவன் இருக்கையில் உட்காரும் முன்பே அனுராதா வந்து நின்றாள். குழுவின் தலைவி.

"புகழேந்தி, வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்."

தேநீர்க் கடையில் கூட்டமில்லாத ஓரமாகப் போய் நின்றாள்.

"உங்க சொந்த ஃபைல் ஒண்ணு நம்ம ஷேர்டு ஃபோல்டர்ல கெடக்கு. வாட்ஸ்அப் சாட்."

அந்தப் பழைய கோப்புறை குழு முழுவதற்கும் பொது. ஒருவர் கணினியில் போடுவது தானாக மேலே ஏறி, எல்லோருடைய கணினிக்கும் இறங்கும். தினமும் அப்படித்தான் வேலை செய்கிறான். இதை வைக்கும்போது அது நினைவில் இல்லை.

"என்னன்னு தெரியாம தொறந்துட்டேன். நாலு வரி பாத்ததும் மூடிட்டேன். அங்கேருந்து எடுத்துட்டேன், குப்பையிலேருந்தும் பழைய பிரதிகள்லேருந்தும் அழிச்சுட்டேன். உங்க ப்ரோக்ராம் ஃபைல்ல சாம்பிளுக்குன்னு அம்பது வரி காட்டி வச்சிருந்தீங்க, அதையும்தான்."

"பேரு மாத்தின பிரதி ஒண்ணும் இருந்துச்சு மேடம். அது பரவால்லன்னு…"

"அதையும் அழிக்கறப்ப மேலோட்டமாப் பாத்தேன். பேருதான் இல்ல. மத்த எல்லாம் இருக்கு. எந்த ஊரு, எந்த ஆபீஸ், வீட்டுக்கு எதிர்ல என்ன இருக்கு. உங்க ஊர்க்காரங்க படிச்சா யாருன்னு தெரியாதா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "வாட்ஸ்அப்புக்குள்ள இருக்குற வரைக்கும் அதுக்கு ஒரு பூட்டு இருக்கு. வெளில எடுத்துட்டா வெறும் எழுத்து. கையில கெடைச்ச யாரும் படிக்கலாம். அதுல பாதி உங்களுது இல்லயே, அந்தப் பொண்ணோடது. அவங்ககிட்ட கேட்டீங்களா?"

புகழேந்தி குடிக்காத டீயைத் திட்டில் வைத்தான்.

"இன்னொண்ணு. யார் யார் தொறந்தாங்கன்னு பாத்தேன். என்னைத் தவிர சூர்யபிரகாஷ் தொறந்திருக்கான், சனிக்கெழம."

அதே குழுவில் வேலை செய்யும் சூர்யபிரகாஷுக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர். ஜெயபாரதியின் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

அதைக் கேட்டபோது புகழேந்தியின் மனதில் முதலில் வந்தது காதல் விவகாரம் அல்ல. அண்ணி விஷயம். ஜெயாவின் அண்ணன் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன். அண்ணி யாருக்கும் தெரியாமல் மன்னார்குடியில் ஒரு வக்கீலைப் பார்த்திருந்தாள். குழந்தையோடு எப்போது கிளம்புவது, எங்கே தங்குவது எல்லாம் ஜெயாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மனசு தாங்காமல் ஜெயா அதை இவனிடம் எழுதியிருந்தாள். "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்று. அந்த வரியையும் அவன் நிரல் தேதி, நேரத்தோடு பிரித்துக் கணக்கில் சேர்த்திருந்தது.

சூர்யபிரகாஷைத் தேடிப் போனான். அவன் ஒளிக்கவில்லை.

"தொறந்தேன்டா. ஒரு பக்கம் படிச்சேன். உங்க ரெண்டு பேர் விஷயம்னு தெரிஞ்சதும் மூடிட்டேன். காப்பி எதுவும் எடுக்கல. யார்கிட்டயும் சொல்லல, சத்தியமா."

"எந்தப் பக்கம்?"

"மொதப் பக்கம்தான்."

உண்மையாக இருக்கலாம். உண்மைதானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கோப்பை அழிக்க முடிந்தது, ஒருவன் படித்ததை அழிக்க முடியாது.

ஜெயாவுக்குச் சொல்லியாக வேண்டும். அப்படி நினைத்தவுடன் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவளோடு பேச ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவனுக்கே கூசியது. செய்தி அனுப்ப போனை எடுத்து, பிறகு வைத்துவிட்டான். அவள் போன் யார் கையில் இருக்கிறதோ. அவள் பட்டுக்கோட்டையில் வேளாண்மை அலுவலகத்தில் இருக்கிறாள். அந்த அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தான்.

"ஜெயபாரதி பேசுறேன், சொல்லுங்க."

அவன் பெயர் சொல்லாமல், "உங்க தகவல் சம்பந்தமா ஒரு அவசர விஷயம். நேர்ல அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றான்.

யாரென்று அவள் கேட்கவில்லை.

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

வேளாண்மை அலுவலகத்தின் பின்னால் தென்னங்கன்றுகள் வரிசையாக வைத்திருந்த இடத்துக்கு வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவன் எதையும் சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னான். எங்கே வைத்தான், யார் யார் திறந்தார்கள், எதை எதை அழித்தாயிற்று, எது உறுதியாகத் தெரியாது.

"அண்ணி சொன்னது அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் அங்கேயே அண்ணியை அழைத்தாள். "அண்ணி, வீட்ல யாரு இருக்கா? … சரி, நான் சொல்றதக் கேளுங்க. அடுத்த மாசம் வரைக்கும் இருக்க வேணாம். இன்னைக்கே பாப்பாவத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போற மாதிரி கெளம்பிடுங்க. வக்கீல்கிட்ட நான் பேசுறேன்."

"மன்னிச்சுடு ஜெயா."

"எதுக்குடா இப்படிப் பண்ண?"

"நீ எப்பலேருந்து விலகினேன்னு பாக்கத்தான்."

"பாத்தியா?"

"தை மாசம்னு காட்டுச்சு. அதுலேருந்துதான் நீ லேட்டா பதில் போட்ட."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "தையிலேருந்து சித்திரை வரைக்கும் என் போன எங்கண்ணன் வாங்கி வச்சிருந்தான். வீட்ல அவன் இல்லாதப்ப அண்ணி எடுத்துத் தருவாங்க, குளிக்கப் போறப்ப, மாடிக்குத் துணி காயப்போடப் போறப்ப பூட்டி வச்சிருந்த நம்ம சாட்டத் தொறந்து உனக்கு எழுதுவேன். எழுதி முடிச்சதும் திருப்பி வச்சுடுவேன். ஒரு பதிலுக்கு ஒரு நாள் காத்துக் கெடப்பேன். அந்த மாசங்கள்ல உன்ன நெனச்ச மாதிரி நான் எப்பவும் நெனச்சதில்ல."

அவன் வரைந்த கோட்டில் அது இல்லை.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"எழுதாதன்னு சொன்ன."

"சொன்னேன்தான்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் எழுதினதெல்லாம் உன் ஒருத்தனுக்கு எழுதினது, புகழ். மெஷினுக்கு இல்ல."

"என் போன்ல இன்னும் இருக்கு. சொல்லு, இப்பவே அழிச்சுடுறேன்."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"அது வேணாம்" என்றாள். "வெளில மட்டும் எடுக்காத." திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அண்ணி அன்று சாயங்காலமே குழந்தையோடு மன்னார்குடியில் வக்கீல் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். சூர்யபிரகாஷ் யாரிடமாவது சொன்னானா என்பது கடைசிவரை தெரியவில்லை. ஊரில் பேச்சு எதுவும் கிளம்பவில்லை. போனிலும் இணையச் சேமிப்பிலும் மிச்சமிருந்த ஏற்றுமதிப் பிரதிகளைப் புகழேந்தி ஒவ்வொன்றாகத் தேடி அழித்தான். அந்தக் கோட்டையும் அழித்தான்.

இரண்டு நாள் கழித்து, வெண்ணாற்றுப் பாலத்தில் பேருந்து மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஜெயாவின் உரையாடல் பட்டியலில் மேலே ஏறி வந்திருந்தது. திறந்தான். அவள் எழுதியது எதுவும் இல்லை. நடுவில் சாம்பல் நிறத்தில் வாட்ஸ்அப்பே போட்ட ஓர் அறிவிப்பு. அவள் இந்த உரையாடலுக்கு மேம்பட்ட தனியுரிமையை இயக்கியிருக்கிறாள். இனி இவன் போனிலிருந்து இதை யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. திரையைப் படம் பிடிக்கலாம்தான், கையால் எழுதி வைக்கலாம்தான். அதையெல்லாம் செய்யாமல் இருப்பது இவன் பொறுப்பு.

அவள் இவன் எண்ணை பிளாக் செய்துவிடவில்லை. உரையாடலை அழித்துவிடவும் இல்லை. சித்திரைக்குப் பிறகு இப்போதுதான் அதைத் திறந்திருக்கிறாள். தன் கைக்குத் திரும்பிய போனில், சித்திரையில் எழுதிய அந்தக் கடைசி வரியைத் தாண்டி வந்து, ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.

எழுதும் இடத்தில் விரலை வைத்தான். எழுத்துப் பலகை மேலே வந்தது. எதுவும் எழுதாமல் அப்படியே வைத்திருந்தான். அவள் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று வந்தது. ஆற்றைத் தாண்டி, இருபுறமும் தாளடிப் பயிர் விரியும் வரை அது அப்படியே இருந்தது. பிறகு மறைந்தது.